சம்பளச் சீட்டில் எந்தப் பணம் யாருடையது? பலரும் தவறாகப் படிக்கும் இடங்கள்

அக்கா மகள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது மாதம் போன் செய்தாள். "மாமா, மாசம் 30,000 சம்பளம்னு சொல்லித்தான் எடுத்தாங்க. போன மாசம் 25,400 வந்துச்சு. இந்த மாசம் 21,610தான் வந்திருக்கு. யார்கிட்ட போய்க் கேக்கறது?" சம்பளக் கணக்குப் போடும் வேலையில் பல வருடம் இருக்கிறேன் என்பதால் குடும்பத்தில் இந்த மாதிரி போன் எல்லாம் எனக்குத்தான் வரும். சீட்டை அனுப்பச் சொன்னேன். அலுவலகத்தில் யாரும் அவளை ஏமாற்றவில்லை. ஆனால் அந்தச் சீட்டைப் படிக்க யாரும் அவளுக்குச் சொல்லித்தரவும் இல்லை. அவள் குழம்பிய இடங்களில்தான் புதிதாக வேலைக்குச் சேரும் பலரும் குழம்புகிறார்கள். அதனால் அவள் சீட்டையே வைத்துச் சொல்கிறேன்.

முதல் தவறு, வேலைக்கு எடுக்கும்போது சொன்ன தொகையைச் சம்பளம் என்று நினைப்பது. அவளுக்குச் சொன்னது வருடம் 3,60,000. அது சிடிசி. அதாவது அவளை வேலையில் வைத்திருக்க நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. பன்னிரண்டால் வகுத்தால் 30,000 வருகிறது. அதில் 2,800 ரூபாய் அவள் சம்பளச் சீட்டுக்கே வராது. வருங்கால வைப்பு நிதியான பிஎஃப்புக்கு நிறுவனம் தன் பங்காகக் கட்டும் 1,800, வேலையை விடும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்காக ஒதுக்குவது 721, குழு மருத்துவக் காப்பீட்டுக்கு 279. மீதி 27,200தான் கிராஸ், அதாவது பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தச் சம்பளம்.

இதில் கிராஜுவிட்டி பற்றி ஒரு வார்த்தை. நிரந்தர வேலையில் இருப்பவருக்குப் பொதுவாக 5 வருடம் தொடர்ந்து வேலை பார்த்தால்தான் அந்தப் பணம் உண்டு. இரண்டு வருடத்தில் வேறு வேலைக்குப் போகிறவர், சிடிசியில் இருந்த அந்த 721-ஐ ஒரு மாதம்கூடக் கண்ணால் பார்க்க மாட்டார். இரண்டு நிறுவனங்கள் தரும் சம்பளத்தை ஒப்பிடும்போது சிடிசியை ஒப்பிடாதீர்கள். மாதக் கிராஸ் எவ்வளவு, அதில் அடிப்படைச் சம்பளமான பேசிக் எவ்வளவு என்று இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரி, சீட்டுக்கு வருவோம். இடது பக்கம் வரவு, வலது பக்கம் பிடித்தம். ஆகஸ்ட் மாதத்துக்கு அவளுடையது இப்படி இருந்தது:

பேசிக் 15,000
வீட்டு வாடகைப் படி 6,000
ஸ்பெஷல் அலவன்ஸ் 6,200
கிராஸ் 27,200
பிஎஃப் பிடித்தம் 1,800
கையில் வருவது 25,400

இந்த 1,800 அவளுடைய பங்கு. பேசிக்கோடு பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து, அதில் 12 சதவீதம் பிடிப்பார்கள். வாடகைப் படியைக் கணக்கில் எடுப்பதில்லை. நிறுவனமும் அதே அளவு தன் கையிலிருந்து போட வேண்டும். சிடிசியிலேயே கழிந்துவிட்ட 1,800 அதுதான். இரண்டும் ஒரே எண்ணாக இருப்பதால், தன் பணம் இரண்டு முறை போகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படி நினைக்க வைக்கிற சீட்டுகளும் இருக்கத்தான் செய்கின்றன. சில இடங்களில் நிறுவனத்தின் பங்கையும் சீட்டிலேயே காட்டுவார்கள். பிடித்தம் பக்கத்தில் 3,600 என்று இருந்தால் பதறாமல் வரவுப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே "எம்ப்ளாயர் பிஎஃப்" என்று 1,800 தனி வரியாக இருந்தால், ஒரு பக்கம் கூட்டி மறு பக்கம் கழித்திருக்கிறார்கள். கையில் வரும் தொகை மாறாது. வரவில் அப்படி ஒரு வரியே இல்லாமல் பிடித்தத்தில் மட்டும் 3,600 இருந்தால் அது தப்பு. நிறுவனத்தின் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று 1952-ஆம் வருடத்து வருங்கால வைப்பு நிதித் திட்டமே சொல்கிறது. அந்த வரியைக் காட்டி தைரியமாகக் கேட்கலாம்.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வரும். பேசிக் 20,000 இருக்கிறவர் 2,400 பிடிப்பார்கள் என்று எதிர்பார்ப்பார், சீட்டில் 1,800 இருக்கும். பிஎஃப் கட்டாயம் என்பது 15,000 ரூபாய் வரைக்கும்தான். அதற்கு மேல் உள்ள பேசிக்குக்குப் பிடிப்பதும் விடுவதும் நிறுவனமும் ஊழியரும் ஒத்துக்கொள்கிற விஷயம். அதனால் 1,800 இருந்தால் கணக்கில் பிழை இல்லை.

இனி அவளைப் பயமுறுத்திய செப்டம்பர் மாதம். ஆகஸ்டை விட 3,790 குறைவு. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நேராகக் கடைசி வரியைப் பார்த்துவிட்டு, பிடித்தம் கூடிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். நான் எப்போதும் முதலில் பார்ப்பது சீட்டின் மேல் பகுதியில் சின்ன எழுத்தில் இருக்கும் சம்பள நாட்கள். அவள் சீட்டில் 30-க்கு 27 என்று இருந்தது. காய்ச்சலில் மூன்று நாள் படுத்திருந்தாள், விடுப்பு பாக்கி இல்லை, அதனால் மூன்று நாள் சம்பளம் இல்லை. இதைத்தான் எல்ஓபி என்பார்கள். இது பிடித்தம் பக்கத்தில் வராது. வரவிலேயே எல்லா வரியும் சத்தமில்லாமல் குறைந்துவிடும். பேசிக் 13,500, வாடகைப் படி 5,400, ஸ்பெஷல் அலவன்ஸ் 5,580. கிராஸ் 24,480. ஆக, 2,720 இங்கேயே போய்விட்டது.

பேசிக் குறைந்ததால் பிஎஃப் பிடித்தமும் 1,800-லிருந்து 1,620 ஆகிவிட்டது. அதில் 180 ரூபாய் மிச்சம். அப்புறம் புதிதாக ஒரு வரி: தொழில் வரி 1,250.

தமிழ்நாட்டில் தொழில் வரியை உள்ளாட்சி அமைப்புகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாங்குகின்றன. சென்னையில் ஆறு மாத வருமானம் 75,000-ஐத் தாண்டினால் 1,250. வருடத்துக்கு 2,500-க்கு மேல் வாங்க அரசியலமைப்புச் சட்டம் இடம் தரவில்லை. அவளுடைய நிறுவனம் அதை அரையாண்டு முடியும் செப்டம்பரில் மொத்தமாகப் பிடித்திருக்கிறது. சில நிறுவனங்கள் மாதா மாதம் கொஞ்சமாகப் பிடிக்கும். அடுத்த அரையாண்டு மார்ச்சில் முடிவதற்குள் இதே வரி மறுபடி வரும் என்று சொல்லி வைத்தேன்.

கூட்டிப் பாருங்கள். 2,720-உடன் 1,250 சேர்த்து 180 கழித்தால் 3,790. ஒரு ரூபாய்கூட விடுபடவில்லை. நாள் கணக்கில் மட்டும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சில நிறுவனங்கள் ஒரு நாள் சம்பளத்தை 30-ஆல் வகுத்துப் போடும், சில இடங்களில் 26-ஆல் வகுப்பார்கள். 26-ஆல் வகுத்தால் ஒவ்வொரு விடுப்பு நாளுக்கும் கூடுதலாகப் போகும். உங்கள் நிறுவனத்தில் எது வழக்கம் என்று ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ அவளுக்கு இல்லை, ஏனென்றால் மாதச் சம்பளம் 21,000-க்கு மேல். அதற்குள் இருப்பவர்களுக்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள். சம்பள உயர்வில் 21,000-ஐத் தாண்டிய பிறகும் சில மாதம் இஎஸ்ஐ பிடித்துக்கொண்டிருந்தால் அது பிழை இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு பருவம் உண்டு. நடப்புப் பருவம் முடியும்வரை பிடிப்பார்கள், மருத்துவ வசதியும் தொடரும்.

கடைசியாகச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமானது. சீட்டில் பிஎஃப் பிடித்ததாகப் போட்டிருந்தால் பணம் கட்டப்பட்டுவிட்டது என்று நம்பிவிடுவது பெரிய தவறு. நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் மாதம் தவறாமல் பிடித்தார்கள், சீட்டிலும் காட்டினார்கள். வேலையை விட்டு, பணத்தை மாற்றப் போன நாளில்தான் தெரிந்தது, மூன்று மாதத்துப் பணம் கணக்கில் ஏறவே இல்லை. பின்னால் அலைந்து வாங்கினேன். அந்தச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அதுவும் முடிந்தது. பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது குற்றம், கிரிமினல் வழக்கு வரைக்கும் போகும். ஆனால் நாம் பார்த்தால்தானே தெரியும்.

ஒரு மாதச் சம்பளத்துக்கான பிஎஃப் பணத்தை நிறுவனம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அதற்குச் சில நாள் கழித்து உங்கள் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணை வைத்து passbook.epfindia.gov.in தளத்திலோ உமங் செயலியிலோ பாஸ்புக்கைத் திறங்கள். யுஏஎன் பெரும்பாலும் சம்பளச் சீட்டிலேயே இருக்கும்.

பாஸ்புக்கைத் திறந்ததும் அக்கா மகள் கேட்ட கேள்வி: "நான் 1,800, அவங்க 1,800 போட்டா 3,600 இருக்கணுமே? 2,350தானே ஏறியிருக்கு?" பாஸ்புக்கில் ஆகஸ்ட் மாதத்துக்கு எதிரே மூன்று பத்திகள் இருந்தன. ஊழியர் பங்கு 1,800, நிறுவனத்தின் பங்கு 550, ஓய்வூதியம் 1,250. நிறுவனம் கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. அது 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கிடப்படாது என்பதால் 1,250-தான் உச்சம். மீதி 550 மட்டுமே அவள் சேமிப்பில் சேரும். வட்டி ஏறுவதும் 1,800-க்கும் 550-க்கும்தான். ஓய்வூதியப் பத்தியில் இருப்பதற்கு வட்டி கிடையாது. பத்து வருடப் பணி சேர்ந்தவருக்கு 58 வயதில் அது மாத ஓய்வூதியமாக வரும்.

உங்கள் ஓய்வூதியப் பத்தியில் பூஜ்யம் இருந்தாலும் உடனே பயப்பட வேண்டாம். 2014 செப்டம்பருக்குப் பிறகு முதல் முறையாக பிஎஃப்பில் சேர்ந்து, சேரும்போதே பேசிக் 15,000-க்கு மேல் இருந்தால் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். நிறுவனத்தின் பங்கு முழுவதும் சேமிப்புக்கே வரும்.

பயப்பட வேண்டியது ஒரு மாதத்து வரியே பாஸ்புக்கில் இல்லாதபோதுதான். சில நேரம் பாஸ்புக்கில் ஏறத் தாமதமாகும். அடுத்த மாதமும் வராவிட்டால் கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள். பதில் இல்லை என்றால் அந்த மாதச் சம்பளச் சீட்டை இணைத்து epfigms.gov.in தளத்தில் புகார் போடலாம். நிறுவனத்தின் தளத்தில்தானே சீட்டு இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், வேலையை விட்ட பிறகு அந்தத் தளம் உங்களுக்குத் திறக்காமல் போகலாம். அக்கா மகள் அன்றிரவே ஐந்து மாதச் சீட்டையும் இறக்கித் தன் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டாள்.