போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் சொட்டுநீர் போடுவது எப்படி?

பர்மாவில் பெகு பக்கம் எங்கள் தோட்டத்தில் கத்திரிக்குச் சொட்டுநீர் போட்ட முதல் வருடம், மூன்றாவது வாரமே வரிசைக் கடைசியில் இருந்த செடிகள் மதியத்தில் தலை தொங்கின. தண்ணீர் விட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஃபில்டரைத் திறந்தால் பளிச்சென்று இருக்கிறது. மச்சான் வந்து, மெல்லிய சொட்டுக்குழாயான டேப் ஒன்றைக் கத்தியால் நீளவாக்கில் கிழித்துக் காட்டினார். உள்ளே சொட்டுத் துளைகளின் மேல் செங்காவி நிறத்தில் வழவழவென்று ஒரு பாசி, விரலில் எடுத்தால் கூழ் மாதிரி. 400 மீட்டர் டேப் போச்சு. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதுதான் இந்தப் பதிவு.

டேப்பை எப்படி மண்ணில் விரிப்பது, மெயின் குழாயில் எப்படித் துளை போடுவது என்பதெல்லாம் கடைக்காரரே காட்டிவிடுவார். அதை நான் எழுதவில்லை.

முதலில், சொட்டா தெளிப்பா?

இரண்டும் என்னிடம் இருக்கிறது. சின்பவுங் என்று பர்மியர் சொல்லும் புளிச்சக்கீரை, கொத்தமல்லி, தண்டுக்கீரை மாதிரி நெருக்கமாக விதைப்பதற்குத் தெளிப்புதான். விதை முளைக்க மேல்மண் முழுவதும் ஈரமாக இருக்க வேண்டும். சொட்டு அதைச் செய்யாது. கத்திரி, வெண்டை, மிளகாய், பாகல் மாதிரி இடம் விட்டு நடுவதற்குச் சொட்டு.

தண்ணீர்க் கணக்கு எல்லோரும் நினைப்பது மாதிரி இல்லை. என் கத்திரிப் பாத்தி 20 மீட்டருக்கு 25 மீட்டர், அதாவது 500 சதுர மீட்டர். கோடையில் வளர்ந்த செடி ஒரு நாளைக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் தண்ணீர் குடிக்கும் என்று வைத்தால் 2,500 லிட்டர். சொட்டில் பத்தில் ஒரு பங்கு வீணாகும், ஆக 2,800 லிட்டர் விட வேண்டும். தெளிப்பில் காற்றும் வெயிலும் சேர்ந்து பத்தில் மூன்று பங்கை எடுத்துக்கொள்ளும், ஆக 3,600 லிட்டர். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் பாதிக்குப் பாதி இல்லை.

பெரிய வித்தியாசம் செடி சின்னதாக இருக்கும்போதுதான். நட்ட புதிதில் செடி நிழல் விழும் இடம் கால்வாசிகூட இராது. அப்போது சொட்டில் 700 லிட்டர் போதும். தெளிப்பு, செடி இல்லாத இடத்தையும் சேர்த்து நனைக்கும், அதனால் 2,000 லிட்டருக்குக் குறையாது. அந்த நனைந்த இடத்தில்தான் களையும் முளைக்கும். கீரைப் பாத்தியில் இந்தக் கணக்கே கிடையாது, அங்கே மண்ணை மூடிக்கொண்டுதான் கீரை நிற்கிறது.

செலவைப் பர்மாக் காசான சாட் கணக்கில் எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். அதனால் எது எங்கே செலவு வைக்கும் என்று மட்டும் சொல்கிறேன். சொட்டில் செலவு முதலிலேயே வரும்: டேப், ஃபில்டர், தொட்டி. மெல்லிய டேப் இரண்டு மூன்று பருவத்துக்குமேல் தாங்காது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெளிப்பில் சாமான் குறைவு, ஆனால் தலை ஒழுங்காகச் சுழல ஒன்றரை முதல் இரண்டு பார் அழுத்தம் வேண்டும். அதை பம்புதான் கொடுக்க வேண்டும், கரண்ட் இல்லாத நேரத்தில் அது டீசல். எங்கள் பக்கம் கரண்ட் வரும் நேரம் யாருக்கும் தெரியாது. நடுராத்திரி வரும், விடிவதற்குள் போய்விடும். சொட்டுநீரை மேட்டுத் தொட்டியிலிருந்து விடலாம் என்பதால் கரண்ட் வந்தபோது தொட்டியை நிரப்பி, எனக்கு வசதியான நேரத்தில் வால்வைத் திறக்கிறேன். நான் சொட்டுக்கு மாறிய முதல் காரணமே அதுதான், தண்ணீர் மிச்சம் அப்புறம்.

தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்

நான் தவறியது இங்கேதான். போர் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தேன், மினரல் வாட்டர் மாதிரி இருந்தது. திருப்தியாகிவிட்டேன். நிலத்துக்கடியில் காற்றுப் படாமல் இருக்கும்போது இரும்பு தண்ணீரில் கரைந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மேலே வந்து காற்றுப் பட்ட பிறகுதான் துருவாகிப் படியும்.

இரண்டு சோதனை போதும். ஒரு வெள்ளைப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மூடாமல் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் அடியில் காவிப்பொடி, மேலே பளபளவென்று மெல்லிய ஆடை இருந்தால் இரும்பு இருக்கிறது. இரண்டாவது, அதே தண்ணீரில் தேயிலையைக் கொதிக்க வைத்துப் பாருங்கள். பால் வேண்டாம், வெறும் டீ. இரும்பு அதிகமிருந்தால் டீ மை மாதிரி கறுக்கும். எங்கள் வீட்டில் பல வருடமாக டீ கறுப்பாகத்தான் இருந்திருக்கிறது. அம்மா சட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

லேபில் கொடுக்க வசதி இருந்தால் கொடுங்கள். ஒரு லிட்டரில் 0.3 மில்லிகிராம் தாண்டினாலே சொட்டுத் துளைக்குத் தொந்தரவு ஆரம்பிக்கும். ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் ஒன்றும் செய்யாமல் சொட்டு போடவே கூடாது.

தெளிப்புக்கு இந்தப் பயம் கிடையாது. மூன்று நான்கு மில்லிமீட்டர் ஓட்டை அவ்வளவு சுலபமாக அடைபடாது. ஆனால் அதே தண்ணீர் இலையில் காவிக்கறை போடும், கீரைக்கட்டைச் சந்தையில் வைத்தால் வாடல் கீரை மாதிரி தெரியும்.

ஃபில்டர் ஏன் காப்பாற்றவில்லை?

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பருவம் ஆனது. கரைந்த இரும்பு சர்க்கரைத் தண்ணீர் மாதிரி. எந்த ஃபில்டரிலும் நிற்காது, நேராகக் குழாய்க்குள் போய்விடும். வால்வை மூடியதும் டேப்பில் மிச்சமிருக்கும் தண்ணீருக்குள் துளை வழியாகக் காற்று ஏறும். இரும்பு அங்கேயே துருவாகும். கூடவே இரும்பைத் தின்னும் ஒருவகைப் பாக்டீரியா வழவழப்பாக வளர்ந்து, துருவையெல்லாம் ஒட்டவைத்துக்கொள்ளும். ஆகவே ஃபில்டருக்கு முன்னாலேயே இரும்பைத் துருவாக்கி, கீழே படியவிட வேண்டும். வேலை முழுவதும் தொட்டியில்தான்.

தொட்டி அமைப்பது

நான் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி மூன்றை ஒன்றரை மீட்டர் உயரத்தில் வைத்திருக்கிறேன். மூன்றும் நிறைந்தால் மூன்று டன் எடை, மூங்கில் பரண் தாங்காது. மண்மேடு கட்டிச் சுற்றிச் செங்கல் அடுக்கினேன்.

போரிலிருந்து வரும் குழாயைத் தொட்டிக்குள் நேராக இறக்காதீர்கள். வாய்க்கு மேலே ஒரு முழம் தள்ளி, முனையை அடைத்த குழாயில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, ஷவர் மாதிரி விழவையுங்கள். நடுவில் ஒரு பழைய கூடையில் செங்கல் துண்டுகளை நிரப்பித் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. தண்ணீர் சிதறச் சிதறக் காற்றுப் படும். ஒரு மாதத்தில் அந்தச் செங்கல்லின் நிறத்தைப் பாருங்கள், டேப்புக்குள் போயிருக்க வேண்டியது எவ்வளவு என்று தெரியும்.

பிறகு ஒரு ராத்திரி அசையாமல் விடுங்கள். தண்ணீர் கொஞ்சம் புளிப்புத் தன்மையாக இருந்தால் துருவாவது மெதுவாக நடக்கும், இரண்டு ராத்திரி ஆகலாம். அவசரம் என்றால் பிளீச்சிங் பவுடர் உதவும். இரும்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம் இருந்தால் 1,000 லிட்டருக்கு 6, 7 கிராம் போதும், ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட. அதை ஒரு பக்கெட்டில் கலக்கித் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். சுண்ணாம்பு வண்டல் உள்ளே போகக் கூடாது. ஆசிட் ஊற்றிக் குழாய் கழுவுகிறவர்கள் அந்த நாளில் பிளீச்சிங் பக்கம் போகவே வேண்டாம். இரண்டும் கலந்தால் வருவது விஷவாயு.

வெளியேறும் குழாய் தொட்டி அடியிலிருந்து ஒரு சாண் மேலே இருக்க வேண்டும். அடியில் தனியாக ஒரு கழிவு வால்வு வையுங்கள், வாரம் ஒருமுறை காவிச் சேற்றைத் திறந்துவிட. அதற்கப்புறம் ஃபில்டர். என் கட்சி டிஸ்க் ஃபில்டர், 120 மெஷ். வலை ஃபில்டர் விலை குறைவு, ஆனால் இந்தத் துரு வலையில் ஒட்டிக்கொண்டால் தேய்த்தாலும் போகாது, தேய்த்துத் தேய்த்து வலைதான் கிழியும்.

டேப்

மெயின் குழாயைப் பாத்தி நடுவில் ஓட்டி இரண்டு பக்கமும் 10, 10 மீட்டராக டேப் இழுங்கள். ஒன்றரை மீட்டர் உயரத்தில் அழுத்தம் மிகக் குறைவு, நீளமாக இழுத்தால் கடைசிச் செடி பட்டினி கிடக்கும். சொட்டுத் துளை மேல் பார்த்து இருக்கட்டும். மிச்சத் துரு டேப்பின் அடியில் படியும், துளை தப்பிக்கும். நான் முதலில் கவிழ்த்துப் போட்டிருந்தேன். அப்படிப் போட்டால்தான் தண்ணீர் மண்ணுக்குள் போகும் என்று ஒரு நினைப்பு. கடைசி முனையை மடித்து, அதே டேப்பில் இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி மோதிரம் மாதிரி மாட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றாகத் திறந்து, தண்ணீர் தெளிந்து வரும்வரை ஓடவிட அதுதான் வசதி.

கடையில் மணிக்கு 1 லிட்டர் என்று சொல்லும் துளை, இந்த உயரத்தில் 0.4 லிட்டர்தான் கொடுக்கும். 400 மீட்டரில் 30 சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் 1,300 துளைக்கு மேல். ஆக மணிக்கு 530 லிட்டர் போகும், ஒரு தொட்டி இரண்டு மணி நேரத்துக்குள் காலியாகும். இந்த நேரத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். பின்னால் ஒருநாள் அதே தொட்டி காலியாக மூன்று மணி நேரம் ஆனால், செடி வாடும் முன்பே உங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். எந்த வரிசை என்று கண்டுபிடிக்க, முதல் துளை, நடுத்துளை, கடைசித் துளையின் கீழே மண்ணைத் தோண்டி, டேப்பை அங்கே திருப்பி, மருந்து அளக்கும் கப்பைக் கால் மணி நேரம் வையுங்கள். 100 மில்லி வர வேண்டும். கடைசியில் 80க்குக் கீழே இறங்கினால் முனையைத் திறந்து அலசுங்கள். அலசியும் ஏறவில்லை என்றால் அந்த வரிசையை மாற்றிவிடுங்கள். மெல்லிய டேப்பை ஆசிடில் காப்பாற்றப் பார்ப்பது வீண் செலவு.

சேர்த்தது: மோல்மேன் பக்கத்திலிருந்து ஒரு அக்கா, "எல்லாம் நீங்கள் சொன்னபடிதான் செய்தேன் தம்பி, ஆனாலும் ஃபில்டர் தினமும் அடைக்கிறது, காவி இல்லை, பச்சையாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார். அவருடையது திறந்த சிமெண்ட் தொட்டி. வெயில் பட்டுப் பாசி பிடித்திருக்கிறது. தொட்டிக்கு மேல் கறுப்புத் தார்ப்பாய் கட்டி, ஷவர் விழும் இடத்தில் மட்டும் ஓரம் விடச் சொன்னேன். பத்து நாளில் பச்சை நின்றது. என் தொட்டிகள் கறுப்பு நிறம் என்பதால் இது எனக்குத் தோன்றவே இல்லை. வெள்ளைத் தொட்டி வாங்கியவர்கள் வெளியே கறுப்புப் பெயிண்ட் அடித்தாலும் போதும்.