குளிர்நாட்டு மலச்சிக்கலுக்கு இசப்கோல்: தண்ணீரில்தான் சூட்சுமம்

கீழக்கரை, தொண்டிப் பக்கமிருந்து குளிர்நாட்டுக்குப் போகிறவர்கள் பெட்டியில் கருவாடு இருக்கும், இசப்கோல் இருக்காது. அங்கே வெள்ளை ரொட்டியும் கோழியுமாக நாள் ஓடும், கீரை கண்ணில் படாது. குளிரில் தாகம் தெரியாததால் தண்ணீரும் குறைந்து, மலம் ஆட்டுப் புழுக்கை போல இறுகிவிடும்.

காலையில் ஒரு தேக்கரண்டி இசப்கோல் உமியை 250 மில்லி வெதுவெதுப்பான நீரில் கலக்கி, கெட்டியாகுமுன் குடியுங்கள். உடனே இன்னொரு டம்ளர் தண்ணீர். இதைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். நீர் போதாவிட்டால் உமி குடலிலேயே அடைத்துக்கொள்ளும். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். பலன் தெரிய 2, 3 நாளாகும், முதலில் கொஞ்சம் வாயு பிரியும். உமி பிடிக்காதவர்களுக்கு உலர்ந்த பிளம்ஸ் 5 போதும்.

வயிறு உப்பி, வாயுவும் பிரியாமல் வாந்தி வந்தாலோ மலத்தில் ரத்தம் கண்டாலோ உமியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.