வெளிநாட்டு நோட்டை வங்கியில் மாற்றும்போது எந்த ரேட்? பலரும் செய்யும் தவறுகள்

வங்கியில் டாலரோ திர்ஹமோ மாற்றப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, ரேட் பலகையைத் தங்கள் பக்கத்திலிருந்து படிப்பது. "நான் டாலரை விற்கிறேன், அப்போ எனக்கு செல்லிங் ரேட்தானே?" என்று நினைத்துக்கொண்டு மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள், கவுண்டரில் அதைவிடக் குறைவாகச் சொன்னதும் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை பிடிப்பார்கள். பலகை வங்கியுடையது, அதில் எழுதியிருப்பது வங்கி செய்யும் வேலை. வங்கி உங்களிடமிருந்து டாலரை வாங்குகிறது, அதனால் உங்களுக்குக் கிடைப்பது பையிங் ரேட். நீங்கள் வெளிநாடு போக டாலர் கேட்டால் வங்கி விற்கிறது, அப்போது செல்லிங் ரேட்.

இது குழப்பினால் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. ஒரே வகைக்கு இரண்டு ரேட் போட்டிருந்தால், குறைந்த எண் வங்கி வாங்கும் ரேட், கூடிய எண் வங்கி விற்கும் ரேட். ஒரு டாலருக்கு இத்தனை ரூபாய் என்று எழுதும் முறையில் இது மாறவே மாறாது. பழைய வங்கித் தேர்வுப் புத்தகம் வைத்திருப்பவர்கள் யாராவது இதை நேர்மாறாகச் சொன்னால் அவர்கள் உளறவில்லை. 1993 ஆகஸ்ட் வரை இந்திய வங்கிகள் 100 ரூபாய்க்கு எத்தனை டாலர் என்று தலைகீழாகத்தான் ரேட் சொல்லிவந்தன, அந்த முறையில் வாங்கும் எண்தான் பெரியது. இப்போது அது இல்லை.

சரி, இதுவரை பலருக்கும் தெரியும். உண்மையில் பணம் கையை விட்டுப் போவது அடுத்த இடத்தில்.

பையிங் ரேட் என்று ஒன்று மட்டும் கிடையாது. ஸ்டேட் வங்கி தினமும் வெளியிடும் ரேட் பட்டியலைத் திறந்து பாருங்கள், ஒரே டாலருக்கு TT BUY, BILL BUY, டிராவல் கார்டுக்கு ஒரு BUY, கடைசியில் CN BUY என்று நான்கு வாங்கும் ரேட் இருக்கும். மற்ற வங்கிகளிலும் பெயர் கொஞ்சம் மாறலாம், அமைப்பு ஏறக்குறைய இதுதான். TT என்பது வெளிநாட்டிலிருந்து கணக்குக்கு நேராக வந்து சேரும் பணத்துக்கு. BILL என்பது ஏற்றுமதி பில், அது போன்ற ஆவணங்களுக்கு. CN என்பதுதான் கரன்சி நோட்டு, அதாவது உங்கள் சட்டைப்பையில் இருக்கும் காகிதம். நோட்டைக் கொடுத்து ரூபாய் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது இந்த CN BUY ஒன்றை மட்டும்தான். வாங்கும் ரேட்டுகளில் பெரும்பாலும் மிகக் குறைவாக இருப்பதும் அதுதான்.

ஏன் குறைவு என்று கோபப்படுவதற்கு முன்னால், வங்கி அந்த நோட்டை வைத்து என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். TT-யாக வரும் டாலர், வெளிநாட்டு வங்கியில் நம் வங்கி வைத்திருக்கும் கணக்கில் வரவாகிவிடும், அதை உடனே விற்கலாம், வட்டிக்கு விடலாம். காகித டாலரை எண்ணிப் பார்க்க வேண்டும், கள்ள நோட்டா என்று சோதிக்க வேண்டும், பெட்டகத்தில் பூட்ட வேண்டும், போதுமான அளவு சேர்ந்ததும் காப்பீடு செய்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், அதுவரை அது ஒரு பைசா வட்டி தராது, நடுவில் டாலர் விலை இறங்கினால் அந்த நஷ்டமும் வங்கியுடையது. இந்தச் செலவும் பயமும் சேர்ந்துதான் ரேட்டில் கழிகிறது. நான் பார்த்தவரை டாலருக்கு இந்தக் கழிவு ஒன்றிரண்டு ரூபாய் என்ற அளவில் இருக்கும், நம் ஊரில் அதிகம் புழங்காத நாணயமாக இருந்தால் விகிதத்தில் இன்னும் கூடும். சில நாணயங்களுக்கு CN கட்டத்தில் 0.00 என்றே போட்டிருப்பார்கள், அந்த நோட்டை அந்த வங்கி வாங்குவதில்லை என்று பொருள்.

ஒரு கணக்கை முழுசாகப் போட்டுப் பார்க்கலாம். கீழே வரும் ரேட்டுகள் புரிவதற்காக நானே வைத்த எண்கள், இன்றைய ரேட் இல்லை. திருச்சியில் இருக்கும் பெற்றோரிடம், லீவுக்கு வந்த மகள் 800 டாலர் நோட்டாகக் கொடுத்துவிட்டுப் போகிறாள் என்று வையுங்கள். கூகுளில் தேடினால் டாலர் 85.00 என்று காட்டுகிறது. வங்கிப் பட்டியலில் TT BUY 84.50, TT SELL 85.35, CN BUY 83.00, CN SELL 86.00.

அப்பா கூகுளைப் பார்த்து 68,000 ரூபாய் என்று எதிர்பார்க்கிறார். கூகுள் காட்டுவது பெரிய வங்கிகள் தங்களுக்குள் பேரம் பேசும் சந்தையின் நடு விலை, அந்த விலைக்கு எந்தக் கவுண்டரிலும் நமக்குக் கொடுக்க மாட்டார்கள். பலகையை நம் பக்கத்திலிருந்து படித்த ஒருவர் CN SELL-ஐ எடுத்து 68,800 என்பார். கொஞ்சம் விவரம் தெரிந்த பக்கத்து வீட்டு மாமா "அது பையிங் ரேட்தான்" என்று சரியாகச் சொல்லிவிட்டு, பட்டியலில் முதலில் கண்ணில் படும் TT BUY-ஐ எடுத்து 67,600 என்பார். உண்மையில் கிடைப்பது CN BUY கணக்கில் 800-ஐ 83-ஆல் பெருக்கினால் வரும் 66,400. அதிலும் இன்னும் ஒன்று கழியும்.

அது ஜி.எஸ்.டி. இங்கேயும் ஒரு தவறான பயம் உண்டு, 66,400 முழுவதற்கும் 18 சதவீதம் போட்டுவிடுவார்களோ என்று. அப்படி இல்லை. நாணயம் மாற்றும் சேவையின் மதிப்பு என்று சட்டம் ஒரு சிறு தொகையை வைத்துக்கொள்கிறது, ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால் அதில் 1 சதவீதம், குறைந்தது 250 ரூபாய். பெரும்பாலும் பின்பற்றப்படுவது இந்தக் கணக்குதான். வரி அந்தச் சிறு தொகைக்கு மட்டும். நம் கணக்கில் 66,400-இல் 1 சதவீதம் 664 ரூபாய், அதற்கு 18 சதவீதம் 119 ரூபாய் 52 காசு. வங்கி தனியாகக் கமிஷன் எதுவும் எடுக்காவிட்டால் கையில் வருவது 66,280 ரூபாய் 48 காசு. வெறும் 20 டாலர் மாற்றினாலும் 250-க்கு 18 சதவீதமான 45 ரூபாய் போய்விடும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை மாற்றுவது வீண்.

இப்போது கேள்வி கேட்கும் விதத்துக்கு வருவோம், ஏனென்றால் பாதிப் பிரச்சினை அங்கேதான் கிளம்புகிறது. கிளைக்கு போன் செய்து "இன்னைக்கு டாலர் பையிங் ரேட் என்ன?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் TT ரேட்டைச் சொல்ல வாய்ப்பு அதிகம், அவர் பொய் சொல்லவில்லை, நீங்கள் நோட்டு என்று சொல்லவில்லை. "800 டாலர் நோட்டா வெச்சிருக்கோம், நூறு டாலர் நோட்டுகள், எங்களுக்கு உங்க வங்கியில அக்கவுண்ட் இருக்கு, எல்லாம் போக எவ்வளவு ரூபாய் வரும்?" என்று கேளுங்கள். கூடவே அந்தக் கிளையிலேயே நோட்டு வாங்குவார்களா என்றும் கேட்டுவிடுங்கள், எல்லாக் கிளையிலும் அந்நியச் செலாவணி நோட்டைத் தொட மாட்டார்கள். லைசென்ஸ் உள்ள மணி சேஞ்சரிடமும் இதே கேள்வியைக் கேட்டு, வரும் இரண்டு ரூபாய்த் தொகைகளை ஒப்பிடுங்கள். ஒருவர் நல்ல ரேட் சொல்லிக் கமிஷனில் பிடிப்பார், இன்னொருவர் கமிஷன் இல்லை என்று சொல்லி ரேட்டில் பிடிப்பார், ரேட்டை மட்டும் வைத்து முடிவெடுத்தால் இது தெரியவே தெரியாது. நகரத்து மணி சேஞ்சரிடம் கொஞ்சம் பேரம் பேசலாம் என்பதும், விமான நிலையக் கவுண்டரில் வழக்கமாக நமக்குக் குறைவாகத்தான் கிடைக்கும் என்பதும் கணக்கில் வைக்க வேண்டியவை.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு பெரிய தவறைச் சொல்ல வேண்டும். ஊருக்கு வரும்போது கட்டாக நோட்டு கொண்டுவந்து, "கையில மாத்தினாத்தானே கேஷ் ரேட், நான் என்.ஆர்.இ. கணக்குல போடப்போறேன்" என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள். எந்த ரூபாய்க் கணக்கில் போட்டாலும் வங்கிக்கு வந்து சேர்வது காகிதம்தான், அதனால் CN BUY ரேட்டில்தான் ரூபாயாகும். நம் எண்களிலேயே பார்த்தால் 3,000 டாலருக்கு, TT BUY-க்கும் CN BUY-க்கும் நடுவில் இருக்கும் ஒன்றரை ரூபாய் 4,500 ரூபாயாகிறது. அங்கேயிருந்தே கணக்குக்கு அனுப்பினால் அனுப்பும் கட்டணம் போனாலும் பெரும்பாலும் அதுதான் லாபம். நோட்டாகவே 5,000 டாலருக்கு மேல் கொண்டுவந்தால் விமான நிலையச் சுங்கத்தில் அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும், அது இல்லாமல் வங்கியில் அந்தத் தொகையை நீட்டினால் சிக்கல்.

சுற்றுலா போகிறவர்கள் "இருக்கட்டும்" என்று கூடுதலாக வாங்கிக்கொண்டு போய் மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பதிலும் இதே இடைவெளி இரண்டு பக்கமும் அடிக்கும். 86-க்கு வாங்கிய 500 டாலரைத் தொடாமல் கொண்டுவந்து, டாலர் விலை கொஞ்சமும் மாறாத அதே வாரத்தில் 83-க்குக் கொடுத்தால் 1,500 ரூபாய் போச்சு, ஜி.எஸ்.டி. இரண்டு தடவை தனி. டாலர் ஏறட்டும் என்று வீட்டில் பூட்டி வைப்பதற்கும் எல்லை உண்டு, இந்தியாவில் வசிப்பவர் திரும்பி வந்த 180 நாளுக்குள் மிச்ச நோட்டை ஒப்படைக்க வேண்டும், 2,000 டாலர் வரைதான் கையில் வைத்திருக்கலாம்.

நோட்டின் நிலைமையும் ரேட்டைப் பாதிக்கும். கிழிசல், பேனா எழுத்து, ரப்பர் முத்திரை, சின்ன மதிப்பு நோட்டு, பழைய வரிசை டாலர் நோட்டு இவற்றையெல்லாம் இங்கே சிலர் வாங்க மறுப்பார்கள் அல்லது ரேட்டைக் குறைப்பார்கள். பிரிட்டனின் 20, 50 பவுண்டு காகித நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு அங்கேயே கடையில் செல்லாது, அதை இங்கே கொண்டுபோய் நீட்டிப் பயனில்லை. ஜப்பானிய யென் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், பட்டியலில் அது 100 யென்னுக்கு எத்தனை ரூபாய் என்றுதான் போட்டிருக்கும்.

காலையில் தளத்தில் பார்த்த ரேட்டைப் பிடித்துக்கொண்டு மாலையில் வாதாட முடியாது, சந்தை ஆடினால் பகலிலேயே ரேட்டை மாற்றுவார்கள், பரிவர்த்தனை பதிவாகும் நேரத்து ரேட்தான் செல்லும். இந்தியாவில் வசிப்பவருக்கு ஒரு தடவைக்கு 1,000 டாலர் மதிப்பு வரைதான் ரூபாயை ரொக்கமாகத் தருவார்கள், அதற்கு மேல் கணக்கிலோ காசோலையாகவோ வரும். கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் கொடுக்கும் ரசீதில் மூன்றைப் பாருங்கள்: எந்த நாணயம் எத்தனை, போட்ட ரேட் அந்த நேரத்து CN BUY-தானா, கமிஷனும் ஜி.எஸ்.டி.யும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா. ரேட் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே கேளுங்கள், மேலாளர் அளவிலேயே திருத்திவிடலாம், நோட்டுப் பெட்டகத்துக்குள் போன பிறகு அது எழுத்துப்பூர்வப் புகாராகி நாளை இழுக்கும்.