திருவிழா வார விடுமுறையை வாடிக்கையாளருக்குச் சொல்வது எப்படி? கடைசி ஆர்டர் தேதியில் இருந்து தொடங்குவோம்

திருவிழாவுக்காக ஒரு வாரம் கடையை மூடப்போகிறோம் என்றால் முதலில் கை போவது அறிவிப்பு எழுதத்தான். "வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து, பூப்போட்ட படம் ஒன்றைச் சேர்த்து எல்லோருக்கும் அனுப்பிவிடுவோம். அதற்குப் பிறகு கேள்விகள் வரும். இன்று ஆர்டர் கொடுத்தால் கிடைக்குமா? 18ஆம் தேதி கடை உண்டா? பணம் கட்டிவிட்டேன், என் பொருள் எப்போது கிளம்பும்? இந்தக் கேள்விகளுக்கு அறிவிப்பிலேயே பதில் இருக்க வேண்டும். அதற்கு, எழுத உட்காரும் முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். துணிப்பைகளில் பெயர் பின்னித் தரும் சிறிய கடை. பெயர் பின்னாத பைகளும் தயாராக ஸ்டாக்கில் உண்டு. ஆர்டர்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வரும், பொருள் கூரியரில் போகும். அக்டோபர் 12 திங்கள் முதல் 18 ஞாயிறு வரை கடைக்கு விடுமுறை.

படி 1: பின்னாலிருந்து எண்ணுங்கள்

கடை மூடும் நாளே கடைசி ஆர்டர் நாள் என்று எண்ணுவதில்தான் பெரும்பாலான சிக்கல் தொடங்குகிறது. கூரியர்காரர் கடைசியாக உங்கள் கடைக்கு வந்து பொருளை எடுக்கும் நேரம்தான் கணக்கின் தொடக்கப் புள்ளி. அதை ஊகிக்காதீர்கள். போன் செய்து கேளுங்கள். திருவிழா நேரத்தில் அவர்களும் நேரத்தை மாற்றுவார்கள்.

நம் கடைக்குக் கூரியர் கடைசியாக வருவது 10ஆம் தேதி சனிக்கிழமை மாலை 3 மணிக்கு. ஞாயிறு வராது. சனியன்று கையில் கொடுக்க வேண்டுமென்றால் 9ஆம் தேதி வெள்ளியன்றே பேக்கிங் முடிந்திருக்க வேண்டும். பெயர் பின்ன மூன்று வேலை நாள் ஆகும்: 6, 7, 8. அப்படியானால் 5ஆம் தேதி திங்கள் மாலைக்குள் ஆர்டர் வந்தாக வேண்டும்.

கணக்கு இங்கே முடிந்ததுபோலத் தெரியும். ஆனால் கடைசி நாள் என்று அறிவித்த நாளில்தான் ஆர்டர்கள் குவியும். நாளுக்கு எட்டுப் பைகள் பின்ன முடியும் என்றால் மூன்று நாளில் 24. அந்தத் திங்களன்று மட்டும் 30 ஆர்டர் வந்தால் மீதி ஆறை என்ன செய்வது? அதனால் ஒரு வேலை நாளை நமக்கென்று ஒதுக்கிவைத்து, வெளியில் சொல்லும் கடைசி நேரத்தை 3ஆம் தேதி சனிக்கிழமை மாலை 6 மணி என்று வைக்கிறோம். நடுவில் வரும் ஞாயிறு எப்படியும் வேலை நாள் இல்லை. திங்கள் முழுவதும் நம் கையிருப்பு, அன்றே பின்னத் தொடங்கிவிடலாம். எண்ணிக்கை நாலு நாளுக்கான 32ஐத் தொட்டுவிட்டால் மூன்றாம் தேதிக்கு முன்பே ஆர்டரை நிறுத்த வேண்டியிருக்கும். அந்த வாய்ப்பையும் அறிவிப்பிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுவது நேர்மை.

ஸ்டாக்கில் இருக்கும் பைகளுக்கு இவ்வளவு நாள் வேண்டாம். 8ஆம் தேதி வியாழன் மாலை 6 மணி வரை வாங்கலாம். ஆக, ஒரே கடைக்கு இரண்டு கடைசி நேரங்கள். இரண்டையும் ஒன்றாக்கி ஒரே தேதி சொன்னால் ஒன்று, விற்கக்கூடியதை இழப்பீர்கள். இல்லையென்றால் செய்து முடிக்க முடியாததை ஒப்புக்கொள்வீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கணக்கு பொருள் நம் கடையை விட்டுக் கிளம்பும் நாளுக்கானது. வாடிக்கையாளர் கையில் சேரும் நாளுக்கானது அல்ல. 10ஆம் தேதி கிளம்பும் பொருள் திருவிழாவுக்குள் போய்ச் சேருமா என்பது தூரத்தையும் கூரியரையும் பொறுத்தது. உங்கள் வாடிக்கையாளர்கள் விழாவுக்கென்றே வாங்குபவர்கள் என்றால் வழியில் ஆகும் நாட்களையும் கழித்துக் கடைசி நேரத்தை இன்னும் முன்னால் கொண்டுபோங்கள். எப்படியானாலும் அறிவிப்பில் "சேரும்" என்று எழுதாமல் "அனுப்பிவிடுவோம்" என்று எழுதுங்கள். நம் கையில் இருப்பதை மட்டும் வாக்குக் கொடுப்போம்.

படி 2: திறக்கும் நாளும் முதல் பார்சல் கிளம்பும் நாளும்

19 திங்கள் காலை 10 மணிக்குக் கடை திறக்கிறது. ஆனால் அன்று என்ன நடக்கும்? ஒரு வாரம் சேர்ந்த செய்திகளைப் படிக்கவே பாதி நாள் போய்விடும். விடுமுறையில் வந்த ஆர்டர்களை வரிசைப்படுத்தி, பேக்கிங் செய்து முதல் பார்சல் கிளம்ப 21 புதன் ஆகிவிடும். பெயர் பின்னும் பைகளுக்கு அதற்கு மேலும் ஆகும். இதைச் சொல்லாமல் விட்டால் 19ஆம் தேதி காலையிலேயே "கிளம்பிடுச்சா?" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் தவறில்லை. நாம் திறக்கும் தேதியை மட்டும்தானே சொன்னோம்?

படி 3: தேதியை எழுதும் விதம்

நான் ஒருமுறை "18 வரை விடுமுறை" என்று கதவில் ஒட்டிவிட்டுப் போனேன். 18ஆம் தேதி காலை மூன்று பேர் வந்து நின்றிருக்கிறார்கள். "வரை" என்ற சொல்லில் அந்த நாளும் சேர்த்தியா இல்லையா என்று ஆளுக்கு ஆள் வேறுபடும். அன்றிலிருந்து திறக்கும் நாளைக் கிழமையோடும் நேரத்தோடும் தனி வரியில், முதலில் எழுதுகிறேன். விடுமுறைத் தேதிகள் அதற்குப் பின்னால்தான்.

"நாளை", "இந்தச் சனி", "அடுத்த வாரம்" போன்றவற்றையும் தவிர்த்துவிடுங்கள். வாட்ஸ்அப் செய்தி நாலு நாள் கழித்து வேறு குழுவுக்குப் போகும், அங்கே நாளை என்பது வேறொரு நாள். "இரவு 12 மணி வரை" என்பதும் சிக்கல்தான். சனி இரவு 12 என்றால் சனி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? மாலை 6 என்று வைத்துவிட்டால் இந்தக் கேள்வியே வராது.

அப்புறம், ஆர்டர் எப்போது ஆர்டர் ஆகிறது என்பது. சனிக்கிழமை 5:50க்கு "ஒரு பை வேணும்" என்று செய்தி வரும். பெயர் என்ன, எந்த நிறம், பணம் கட்டியாயிற்றா என்பதெல்லாம் ஞாயிறு முழுக்கப் பேசி முடியும். அது நேரத்துக்குள் வந்த ஆர்டரா? முன்பே எழுதிவைத்துவிட்டால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. விவரமும் பணமும் வந்து, நாம் "உறுதி" என்று பதில் அனுப்பிய நேரம்தான் கணக்கு.

படி 4: அறிவிப்பு

இப்போது எழுதலாம். எல்லாம் கையில் இருப்பதால் ஐந்து நிமிட வேலை.

> அக்டோபர் 19 திங்கள் காலை 10 மணிக்குக் கடை மீண்டும் திறக்கும்.
> திருவிழாவை முன்னிட்டு அக்டோபர் 12 திங்கள் முதல் 18 ஞாயிறு வரை (18ஆம் தேதி உட்பட) விடுமுறை.
>
> விடுமுறைக்கு முன் பொருளை அனுப்ப, ஆர்டர் உறுதியாக வேண்டிய கடைசி நேரம்:
> பெயர் பின்னும் பைகள்: அக்டோபர் 3 சனி மாலை 6 மணி
> தயாராக உள்ள பைகள்: அக்டோபர் 8 வியாழன் மாலை 6 மணி
>
> விவரமும் பணமும் கிடைத்து, நாங்கள் "உறுதி" என்று பதில் அனுப்பிய ஆர்டர்கள் அக்டோபர் 10 சனிக்குள் கூரியரில் போய்விடும். பின்னும் பைகளில் எங்களால் முடிந்த எண்ணிக்கை நிரம்பிவிட்டால் முன்பே நிறுத்த நேரிடும்.
> விடுமுறையில் வரும் ஆர்டர்களை 19 முதல் வந்த வரிசையில் கவனிப்போம். முதல் பார்சல் அக்டோபர் 21 புதன் கிளம்பும்.

வாழ்த்து சொல்ல விரும்பினால் கடைசியில் ஒரு வரி போதும். முதலில் போட்டால், போன் திரையில் செய்தியின் தொடக்கத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தேதி தெரியாது. படமாக அனுப்பினாலும் இதே வரிகளை எழுத்தாகவும் சேர்த்து அனுப்புங்கள். படத்துக்குள் இருக்கும் தேதியை வாடிக்கையாளர் பின்னால் தேடினால் அகப்படாமல் போகலாம்.

எஸ்எம்எஸ் அனுப்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறியீடுகள்தான் இடம். அதைத் தாண்டினால் துண்டுக்கு 67 வீதம் பிரிந்து, இரண்டு மூன்று செய்திகளாகக் கணக்காகும். புள்ளியும் துணைக்கால் கொம்புகளும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால் கண்ணுக்கு நாலு எழுத்தாகத் தெரியும் "திங்கள்" ஏழு ஆகிறது. பின்னும் பைகள் வாங்குபவர்களுக்கு மட்டும் அனுப்பும் இந்த வரி 64இல் அடங்கும்:

```
அக் 3 சனி மாலை 6 வரை ஆர்டர். 12-18 விடுமுறை. 19 திங்கள் திறப்பு.
```

படி 5: எப்போது, யாருக்கு

அறிவிப்பு நாளைக் கடை மூடும் தேதியில் இருந்து எண்ண வேண்டாம், கடைசி ஆர்டர் நேரத்தில் இருந்து எண்ணுங்கள். நம் கணக்கில் முதல் அறிவிப்பு செப்டம்பர் 23 புதன், பத்து நாள் முன்னால். இரண்டாவது அக்டோபர் 1 வியாழன். மூன்றாம் தேதி காலை எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். விலை கேட்டுவிட்டு முடிவு சொல்லாமல் இருப்பவர்களுக்கு மட்டும் பெயர் சொல்லி ஒரு வரி அனுப்புங்கள். ஏற்கெனவே ஆர்டர் கொடுத்துக் காத்திருப்பவர்களுக்குப் பொது அறிவிப்பு போதாது. "உங்கள் இரண்டு பைகளும் 10ஆம் தேதிக்குள் கிளம்பிவிடும்" என்று தனியாகச் சொன்னால்தான் அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பினால், உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும். அதனால் முக்கியமான வாடிக்கையாளர்களில் யாருக்கு இரண்டு டிக் விழவில்லை என்று பார்த்து, அவர்களுக்குத் தனியே அனுப்புங்கள்.

படி 6: நீங்கள் இல்லாதபோது பேசும் செய்தி

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் Away message என்ற வசதி இருக்கிறது. அதில் Always send என்பதை விட்டுவிட்டு Custom schedule எடுத்து, தொடங்கும் நேரமாக 11ஆம் தேதி காலையையும் முடியும் நேரமாக 19 திங்கள் காலை 10 மணியையும் கொடுங்கள். தானே தொடங்கித் தானே நிற்கும். போனில் இணையம் இருந்தால்தான் இந்தப் பதில் போகும் என்பதால் விடுமுறையில் போனை அணைத்து வைத்துவிட வேண்டாம். இதில் போட வேண்டிய செய்தி மேலே எழுதியது அல்ல. முடிந்துபோன கடைசித் தேதிகள் அப்போது யாருக்கும் உதவாது. திறக்கும் நாள், முதல் பார்சல் நாள், ஆர்டரை இப்போதே எழுதி அனுப்பலாமா என்பது, இந்த மூன்றும் போதும்.

கூகுள் மேப்ஸில் உங்கள் கடை இருந்தால் Special hours பகுதியில் அந்த ஏழு நாட்களையும் Closed என்று குறியுங்கள். Temporarily closed என்பதைத் தொட வேண்டாம். அதை நீங்களே போய் மாற்றும் வரை கடை மூடியே இருப்பதாகக் காட்டும்.

படி 7: திறக்கும் நாள் காலை

19ஆம் தேதி கதவைத் திறந்ததும் ஒட்டிய தாளைக் கிழித்துவிடுங்கள். வேறொரு போனில் இருந்து உங்கள் எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பி, விடுமுறைப் பதில் நின்றுவிட்டதா என்று பாருங்கள். பிறகு விடுமுறையில் ஆர்டர் அனுப்பியவர்களுக்கு, வந்த வரிசையிலேயே, அவரவர் பொருள் கிளம்பும் தேதியை எழுதுங்கள். புதிய ஆர்டர்களை அதற்கப்புறம் எடுங்கள்.