பழைய வீடியோவிலிருந்து ஒருவரை எடுப்பது எப்படி?

ஒரு உதாரணத்தை வைத்தே பார்ப்போம். சிங்கப்பூர் தேக்கா வட்டாரத்தின் கேம்பல் லேனில் பொங்கல் சமயத்தில் எடுத்த 14 நிமிட வீடியோ உங்கள் யூடியூப் சேனலில் இருக்கிறது. அதில் கரும்புக் கடையில் நின்ற ஒரு அக்கா 4:10 முதல் 6:25 வரை பேசியிருக்கிறார். சில வருடம் கழித்து வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்: "தம்பி, அந்த வீடியோவில் நான் இருக்க வேண்டாம். எடுத்துவிட முடியுமா?"

காரணம் கேட்காதீர்கள். வேலை, குடும்பம், பழைய உறவு என்று எதுவாகவும் இருக்கலாம். கேட்டால் அவர் விளக்கம் சொல்லிக் கெஞ்ச வேண்டியதாகிவிடும். முதலில் யூடியூப் ஸ்டூடியோவில் அந்த வீடியோவை `Private` ஆக்குங்கள். `Unlisted` போதாது, பழைய லிங்க் வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். அப்புறம் பதில் எழுதுங்கள்: "அக்கா, வீடியோவை இப்போதே மறைத்துவிட்டேன். நீங்கள் வரும் பகுதியை வெட்டிவிட்டு, முதலில் உங்களுக்குக் காட்டுகிறேன். நீங்கள் சரி என்ற பிறகுதான் மறுபடியும் வெளியிடுவேன்."

மறைத்ததோடு நிறுத்திவிடக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் திரும்பத் திறக்கலாம் என்பதால், தனியுரிமைப் புகார் வந்தால் `Private` ஆக்குவதை யூடியூப் தீர்வாக ஏற்பதில்லை. அப்படிப் புகார் போனால் பொதுவாக உங்களுக்குக் கிடைப்பது 48 மணி நேரம். கடை அல்லது நிறுவனத்தின் பெயரில் சேனல் நடத்துபவர்கள் சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஒருவர் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெற அதில் இடம் உண்டு.

அடுத்து, வீடியோவை இரண்டு முறை பாருங்கள். ஒரு முறை கண்ணால், ஒரு முறை திரையை மூடிக் காதால் மட்டும். இந்த உதாரணத்தில் முகம் 6:25ல் மறைந்தாலும், கரும்புக் கட்டுகளைக் காட்டும்போது அக்காவின் குரல் 6:50 வரை ஓடுகிறது. 9:30ல் அவர் பின்னணியில் நடந்து போகிறார். கிடைத்த நேரங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பேசும் பகுதிக்கு முகத்தை மங்கலாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தெரிந்தவர்கள் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். தேக்காவில் அந்தக் கடையைத் தெரிந்தவர்களுக்குக் குரல்கூடத் தேவையில்லை. அங்கே வெட்டுவதுதான் சரி. `Editor` திறந்து, `Trim & cut`, `New cut` தேர்ந்தெடுத்து, 4:05 முதல் 6:50 வரை நீக்குங்கள். 9:30ல் பேச்சு இல்லை, சில விநாடிகள்தான். அதற்கு `Blur` போதும். `Face blur` பக்கவாட்டு முகத்தைத் தவறவிடக்கூடும், அப்படியானால் `Custom blur` கட்டத்தை உடல் முழுவதும் மூடும்படி வைத்து, அவர் நகரும் இடமெல்லாம் அது கூடவே போகிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.

ஒரு வரம்பு இருக்கிறது. பார்வைகள் ஒரு லட்சத்தைத் தாண்டிய வீடியோவில், யூடியூப் பார்ட்னர் திட்டத்தில் இல்லாத சேனலுக்கு முகத்தை மங்கலாக்குவது தவிர மற்ற மாற்றங்களைச் சேமிக்க முடியாமல் போகலாம். அப்போது கணினியில் திருத்திப் புதிதாக ஏற்றிவிட்டு, பழையதை அழிக்க வேண்டும். லிங்க், பார்வைக் கணக்கு, கருத்துகள் எல்லாம் போய்விடும். `Editor`இல் வெட்டினால் அவை அப்படியே இருக்கும்.

`Save` அழுத்தியதும் வேலை முடிந்துவிடாது. செயலாக்கம் முடியும்வரை ஓடுவது பழைய வீடியோதான், அதனால் அதுவரை `Private` நிலையை மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் முகப்புப் படம், தலைப்பு, விவரக் குறிப்பு, வசன வரிகள் ஆகியவற்றில் அக்காவின் முகமோ பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். 2 நிமிடம் 45 விநாடி குறைந்துவிட்டதால், விவரக் குறிப்பில் 8:00 என்று எழுதிய அத்தியாயம் இனி 5:15. கருத்துகளில் யாராவது அவர் பெயரைச் சொல்லியிருந்தால் அதையும் நீக்குங்கள்.

செயலாக்கம் முடிந்ததும் வேறொரு கைபேசியில், உங்கள் கணக்கில் நுழையாமல், முழுவதும் பார்க்க வேண்டும். அதற்கு `Unlisted` ஆக்கலாம், இப்போது திருத்திய வடிவம்தானே இருக்கிறது. அதே லிங்க்கை அக்காவுக்கும் அனுப்புங்கள். அவர் "சரி" என்ற பிறகு `Public`.

அவரிடம் "முற்றிலும் அழித்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். `Editor`இல் வெட்டியதைப் பழைய நிலைக்குத் திருப்ப முடியும், யாராவது ஏற்கெனவே பதிவிறக்கியும் இருக்கலாம். இதைக் கேட்டு, வீடியோவே வேண்டாம் என்று அவர் சொன்னால் அழித்துவிடுங்கள்.

அந்த வீடியோவிலிருந்து வெட்டிப் போட்ட ஷார்ட்ஸ், இன்ஸ்டகிராம் ரீல், ஃபேஸ்புக் பதிவு ஆகியவற்றையும் தேடி எடுங்கள். ஹார்டு டிஸ்கில் உள்ள மூலக் காட்சிகளை அழிக்காமல் வைத்திருந்தால், அந்தக் கோப்பின் பெயரிலேயே "பயன்படுத்தக் கூடாது" என்று சேருங்கள். அடுத்த பொங்கலுக்குப் பழைய காட்சிகளைத் தொகுக்கும்போது அக்கா மறுபடியும் உள்ளே வந்துவிடுவது பெரும்பாலும் அந்தக் கோப்பு வழியாகத்தான்.