உக்ரைன் ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதுவது எப்படி? (மிக்கொலாயிவ் மைகோலைவ் ஆன கதையோடு)

2023 மே மாதம் ஒரு போர்ச் செய்தியை மொழிபெயர்த்தேன். எதிரே இரண்டு மூலங்கள். ஒன்றில் Bakhmut, இன்னொன்றில் Artyomovsk. இரண்டு ஊர் என்று நினைத்து, பக்முத்தில் சண்டை நடக்கிறது, ஆர்த்தியோமொவ்ஸ்க் விழுந்துவிட்டது என்று எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டும் ஒரே ஊர்தான். 1924இல் ஒரு போல்ஷெவிக் தலைவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். 2016இல் உக்ரைன் நாடாளுமன்றம் பக்முத் என்ற பழைய பெயரையே திரும்பக் கொடுத்தது. ரஷ்யத் தரப்பு மட்டும் சோவியத் காலப் பெயரை விடவில்லை.

பெரும்பாலான ஊர்களில் சிக்கல் இவ்வளவு பெரிதில்லை, எழுத்துக்கூட்டல் அளவில்தான். சோவியத் காலத்தில் உக்ரைன் ஊர்கள் ரஷ்ய மொழி வழியாகவே ஆங்கிலத்துக்குப் போயின. Kharkov, Lvov, Nikolaev எல்லாம் அப்படி வந்தவை. அந்த நாட்டின் ஒரே அரசு மொழி உக்ரைனியம். அதிலிருந்து ஊர்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுத அரசு 2010இல் ஒரு முறையை வகுத்தது, 2012இல் ஐ.நா. மாநாடும் அதை ஏற்றது. கார்கிவிலும் ஒடேசாவிலும் வீட்டில் ரஷ்யம் பேசுகிறவர்கள் நிறைய உண்டு, உண்மைதான். ஆனால் செய்தியில் நாம் எழுதுவது ஊரின் அதிகாரப்பூர்வப் பெயரை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் படி, ஆங்கிலச் செய்தியில் உள்ள பெயரிலிருந்து நேரே தமிழுக்குத் தாவாதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்த ஊரைத் திறந்து, மொழிப் பட்டியலில் Українська என்பதை அழுத்துங்கள். முதல் வரியிலேயே பெயர் இருக்கும், அழுத்தக் குறியோடு: Микола́їв. நான் வரைபடச் செயலிகளை நம்புவதில்லை. மொழி அமைப்பை மாற்றினால் அவற்றில் பெயரும் மாறிவிடுகிறது.

இரண்டாவது படியில்தான் நான் விழுந்தேன். ரோமன் எழுத்தில் அந்த ஊர் Mykolaiv. அதிலுள்ள y-யை ஆங்கிலம்போலப் படித்து 'மைகோலைவ்' என்று எழுதினேன். அந்த y உண்மையில் и என்ற எழுத்து. இகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவிலான குறில் ஒலி, தமிழில் இகரம் போதும். ஆக ми மி, ко கொ, ла லா (அழுத்தம் இங்கே), їв யிவ். சேர்த்தால் மிக்கொலாயிவ். 'கொ' என்ற ஒலி 'ஹொ'வாகவோ 'கொ'வின் மெலிந்த ஒலியாகவோ போய்விடாமல் இருக்கத்தான் நடுவில் 'க்' சேர்த்தேன். இதே y-தான் Kyiv-ஐ 'கைவ்' ஆக்குவதும். பழக்கத்தில் உள்ள கீவ் மூலத்துக்கு நெருக்கம், அதை மாற்ற வேண்டாம். கியேவ் என்பதுதான் ரஷ்ய வடிவம்.

அடுத்த பொறி நமக்கே உரியது. Zhytomyr-ஐப் பார்த்ததும் கை தானாக 'ழி' என்று தட்டும், தமிழ்ப் பெயர்களில் zh என்றால் ழ என்று பழகிவிட்டோம் அல்லவா? உக்ரைனியத்தில் அது ж, ஷகரத்தை அதிரவைத்தால் வரும் ஒலி. அதற்குச் சரியான எழுத்து நம்மிடம் இல்லை. நான் ஜ போடுகிறேன்: ஜித்தோமிர்.

மூன்றாவது, г. ரஷ்யத்தில் இது 'தங்கம்' என்பதில் வரும் ககரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். உக்ரைனியத்தில் ஹகரம். ரஷ்ய வழியில் வந்தது Lugansk, உக்ரைனியத்தில் Luhansk. தமிழில் க என்று எழுதினால் எந்த வடிவம் என்றே தெரியாது, அதனால் லுஹான்ஸ்க் என்று ஹ போட்டே எழுதுங்கள். கிரந்தம் பிடிக்காது என்பவர்களோடு இந்த இடத்தில் நான் ஒத்துப்போவதில்லை.

பிற்சேர்க்கை: ஒரு வாசகர் இதைப் படித்துவிட்டு, கோப்பு முழுக்க -ஒவ் என்று முடிந்ததையெல்லாம் -இவ் என்று ஒரே தட்டில் மாற்றியிருக்கிறார். கார்கொவ் கார்கிவ் ஆனது. கூடவே ரொஸ்தொவ் 'ரொஸ்திவ்' ஆகிவிட்டது. ரொஸ்தொவ் ரஷ்யாவில் உள்ள ஊர், அதற்கு ரஷ்ய வடிவமே சரி. கார்கிவுக்கு எல்லை தாண்டிப் பக்கத்தில் இருக்கும் பெல்கொரொதும் அப்படித்தான், ஒரே செய்தியில் இரண்டும் சேர்ந்தே வரும். ஒடேசா பகுதியில் இதே பெயரில் தொடங்கும் ஓர் உக்ரைன் ஊர் உண்டு, அதன் முதல் பகுதியைப் பில்ஹொரொத் என்று எழுத வேண்டும். எந்த நாட்டு ஊர் என்று பார்க்காமல் 'அனைத்தையும் மாற்று' பொத்தானைத் தொடாதீர்கள்.

இன்னொருவர் செர்நோபிலைக் கேட்டிருந்தார். உக்ரைனியத்தில் Чорнобиль, அதாவது சொர்னொபில். 1986 விபத்தைப் பழைய பெயரால்தான் வாசகர்கள் அறிவார்கள் என்பதால், முதல் இடத்தில் மட்டும் 'செர்நோபில் என்று அறியப்பட்ட சொர்னொபில்' என்று எழுதிவிட்டு, அப்புறம் சொர்னொபில் என்றே தொடர்கிறேன்.