ஆக்சுவேரியல் ரெஸ்யூமில் எத்தனை பேப்பர் என்பதைவிட எந்தப் பேப்பர் என்று பாருங்கள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் புள்ளியியல் முடித்த பிள்ளைகளின் ரெஸ்யூம்களைச் சீனியர்களோ பிளேஸ்மென்ட் ஆசிரியர்களோ பார்த்துத்தான் வேலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே நடக்கும் சில தவறுகளை ஒரே ஒரு விளம்பரத்தை வைத்துப் பார்ப்போம். மோட்டார் இன்ஷூரன்ஸ் விலை நிர்ணயக் குழுவில் அனலிஸ்ட் வேலை. குறைந்தது 4 ஆக்சுவேரியல் தேர்வுப் பேப்பர், ஆர் அல்லது பைத்தான், ஜிஎல்எம் என்ற புள்ளியியல் மாடல் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

ஒரு ரெஸ்யூமில் “8 பேப்பர்” என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டியலைப் பிரித்தால் ஏசெட், சிஎஸ்1ஏ, சிஎஸ்1பி, சிஎம்1ஏ, சிஎம்1பி, சிபி1, சிபி2, பிறகு “ரிசல்ட் வரவில்லை” என்ற குறிப்போடு சிஎஸ்2. ஏசெட் என்பது இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆக்சுவரீஸ் ஆஃப் இந்தியாவில் மாணவராகச் சேர்வதற்கான நுழைவுத் தேர்வு, அது பேப்பர் கணக்கில் வராது. ஏ, பி இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு பாடம். ரிசல்ட் வராததைத் தேர்ச்சியாக எடுக்க முடியாது. ஆக, கையில் இருப்பது 4. விளம்பரம் கேட்டதும் 4தான், அதனால் இவர் தகுதியானவரே. 8 என்று போட்டதால்தான் நேர்காணலில் நம்பிக்கை போகும். எழுதியவர் அதை “4 தேர்ச்சி, சிஎஸ்2 முடிவு எதிர்பார்ப்பில்” என்று மாற்றினால் போதும்.

அதோடு நிறுத்திவிடுவதும் தவறு. இன்னொருவர் சிபி1, சிபி2, சிபி3, சிஎம்1 முடித்திருக்கலாம். அவருக்கும் 4தான். ஆனால் ஜிஎல்எம் வருவது சிஎஸ்1 பாடத்தில். அதன் பி பகுதியைக் கணினியில் ஆர் மொழியில்தான் எழுத வேண்டும். அதனால் சிஎஸ்1 தேர்ச்சி, “ஆர் தெரியும்” என்ற வரிக்கும் ஓரளவு சான்றாகிறது. சிபி வரிசை வணிகப் பாடங்களை முடித்தவர் குறைந்தவர் என்று சொல்லவில்லை, இந்த வேலைக்கு அவர் வேறு வழியில் சான்று காட்ட வேண்டும். பேப்பரே எழுதாத எம்எஸ்சி புள்ளியியல்காரர் ஜிஎல்எம் பாடத்தையும் ப்ராஜெக்ட்டையும் காட்டினால் அதுவும் அப்படி ஒரு சான்று. விளம்பரத்தில் பேப்பர் “கட்டாயம்” என்று இருக்கிறதா, “இருந்தால் நல்லது” என்று இருக்கிறதா என்று பார்க்காமல் அவரை ஒதுக்கக் கூடாது.

அடுத்தது மென்பொருள் வரி. ப்ராஃபெட், எம்ப்ளம், எஸ்க்யூஎல் என்று ஏழெட்டுப் பெயர் அடுக்கியிருந்தால் அசந்துவிடுகிறோம். ப்ராஃபெட் பெரும்பாலும் ஆயுள் காப்பீட்டில் பல ஆண்டுப் பண வரவு செலவைக் கணிக்கும் கருவி, மோட்டார் விலைக்கு அது உதவாது. எம்ப்ளம்தான் பொதுக் காப்பீட்டு விலை நிர்ணயத்துக்கானது. அதையும் எந்த வேலைக்குப் பயன்படுத்தினார் என்று ரெஸ்யூமில் இருக்க வேண்டும். பெயர்ப் பட்டியலைவிட ப்ராஜெக்ட் வரியே அதிகம் சொல்லும். “க்ளெய்ம் வருமா என்று 94% துல்லியத்தோடு கணித்தேன்” என்ற வரியை எடுங்கள். 100 பாலிசியில் 6 பேருக்குத்தான் க்ளெய்ம் என்றால், எல்லோருக்கும் “வராது” என்று சொன்னாலே 94% கிடைத்துவிடும். விலை வைக்க அந்த மாடல் எதற்கும் ஆகாது. க்ளெய்ம் எண்ணிக்கைக்கு வேண்டியது இந்த மாதிரி வடிவம்:

```r
glm(claims ~ vehicle_age + zone,
    family = poisson(link = "log"),
    offset = log(exposure), data = d)
```

இதில் கவனிக்க வேண்டியது `offset`. அது இல்லாவிட்டால் மூன்று மாதம் ஓடிய பாலிசியும் முழு ஆண்டு ஓடிய பாலிசியும் சமமாகிவிடும், குறைந்த நாள் ஓடியவர் பத்திரமான ஓட்டுநர் போலத் தெரிவார். ரெஸ்யூமில் இந்த நிரல் வேண்டியதில்லை. பாலிசி ஓடிய காலமான எக்ஸ்போஷரை எப்படிக் கையாண்டார் என்று ஒரே வரி இருந்தால், தானே செய்தவர் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அதிகம் கோட்டை விடுவது துறை அறிவில்தான். “தேர்டு பார்ட்டி பிரீமியத்தை மாடல் மூலம் 12% குறைத்தேன்” என்று ஒருவர் எழுதினால் சந்தேகப்படுங்கள். இந்தியாவில் அடிப்படைத் தேர்டு பார்ட்டி பிரீமியத்தை மத்திய அரசு அறிவிக்கிறது, கம்பெனி தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. கம்பெனி விலை வைப்பது சொந்த வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதிக்கு. தேர்டு பார்ட்டி பக்கம் எதிர்கால இழப்பைக் கணிப்பது, எந்த வண்டியை ஏற்பது என்பது போன்ற வேலைகள் உண்டு. அப்படி எழுதியிருந்தால் சரி.

நேர்மாறாக, “திருவொற்றியூரில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆபீஸில் பகுதிநேரம்” என்று கடைசியில் ஒரு வரி கிடக்கும், நாமும் தாண்டிப் போய்விடுவோம். எண்ணூர், துறைமுகப் பக்கத்து கன்டெய்னர் லாரிகளுக்குப் பாலிசி போட்டவருக்கு வண்டியின் காப்பீட்டு மதிப்பான ஐடிவி எப்படிக் குறையும், நோ க்ளெய்ம் போனஸ் 20%-இல் தொடங்கி 50% வரை எப்படி ஏறும், பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது எப்படிப் போய்விடும் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். மாடலில் போனஸ் என்ற நெடுவரிசை எதைக் குறிக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அந்த வரியை மேலே கொண்டுவரச் சொல்லுங்கள், எத்தனை மாதம், எந்த வகை வண்டி என்பதோடு.

நாம் எடுத்துக்கொண்ட “8 பேப்பர்” ரெஸ்யூமில் இந்த ஏஜென்ட் ஆபீஸ் வரியும் இருந்தால் இந்த விளம்பரத்துக்கு அனுப்பலாம்: எண்ணிக்கையைத் திருத்தி, ப்ராஃபெட் இருந்தால் எடுத்துவிட்டு, சிஎஸ்1-ஐ முதலில் வைத்து. அனுப்புமுன் ஒன்று மட்டும் போனில் கேட்டுவிடுங்கள்: உங்கள் மாடலில் ஆண்டின் நடுவில் ரத்தான பாலிசியை என்ன செய்தீர்கள்?